போயா நாளில மட்டும் நல்லா இருந்த மனுசன்

தங்கச்சி எனக்கு ஒரு கடிதம் தந்தவள். ரெண்டு பேரும் ஒரே கொழும்புக்குள்ள தான், நான் வெள்ளவத்தை அவள் கொட்டாஞ்சேனை, ஃபோன் எடுத்தா கதைக்கலாம், ஆனா அவளின்ர வீட்டில ரெண்டு அறை தான், ஒண்டில அம்மா அப்பா, மற்றதுக்கு கதவு சரியா பூட்டாது, எது கதைச்சாலும் எல்லாருக்கும் கேக்கும். அதால சீஆர் கொப்பியில நாலு தாள் கிழிச்சு ரெண்டு பக்கமும் எழுதி, 2025 ஆடி முதல் வெள்ளி, யூலை 18, மயூராபதி அம்மன் கோயில்ல வச்சு பிரசாதம் போட்ட சொப்பிங் பேக்குக்குள்ள வச்சு என்ர கையில திணிச்சிட்டு "வீட்ட போய் வாசியுங்கோ அக்கா, இங்க பிரிக்காதேங்கோ" எண்டாள்.

அவளும் அவளைக் கட்ட இருக்கிறவரும் சம்மதிச்சபடியா தான் இதை எழுதுறன். ஆக்களை அடையாளம் தெரியாத மாதிரி சில விசயத்தை விட்டிருக்கிறன், திகதிகளை மட்டும் மாத்தேல்ல, ஏனெண்டா இந்தக் கதையே திகதியில தான் நிக்குது. இன்னொண்டும் முதலே சொல்லோணும், நான் ஒரு லீசிங் கொம்பனியில ஒம்பது வருசமா வேலை செய்யிறன், அதில முதல் நாலு வருசம் ரிக்கவரியில, அதாவது கட்டாத ஆக்களுக்கு கோல் எடுக்கிற பக்கம்.

கடிதத்தில முக்கியமான இடங்களை அவளின்ர சொல்லிலயே போடுறன்.

"அக்கா, இவர் என்னை வேண்டாம் எண்டு நினைக்கிறாரோ எண்டு எனக்கு பயமா இருக்கு, ஆனா அப்பிடி நினைக்கிற ஆள் மாதிரியும் இல்ல, அது தான் எனக்கு விளங்கேல்ல. சித்திரை வருசம் முடிஞ்ச கையோட மாறத் தொடங்கினவர். சில நாள் பழைய மாதிரியே இருக்கிறார், வேலை முடிய கோட்டையில இருந்து நேர என்ர ஒஃபிசுக்கு வந்து நிப்பார், கொத்து வாங்கி பாதி பாதி சாப்பிடுவம், கலியாணத்துக்கு என்ன நிறத்தில சாறி எண்டெல்லாம் அவரே கேப்பார். பிறகு பாத்தா நாலைஞ்சு நாளைக்கு ஆளே இல்ல. மெசேஜ் போட்டா ப்ளூ டிக் விழும், பதில் வராது. வந்தாலும் 'வேலை' எண்டு ஒரு சொல்லு."

"ஜூன் 12 என்ர பேர்த்டே உங்களுக்குத் தெரியும். கோல்ஃபேஸ் பக்கம் சாப்பிடப் போவம் எண்டு ஒரு மாசமா சொன்னவர். அண்டைக்கு நான் உடுத்து வெளிக்கிட்டு ஏழு மணியில இருந்து வெயிற் பண்ணினன், ஒம்பதரைக்கு 'சொறி, வரேலாது' எண்டு மெசேஜ். அடுத்த நாள் விடிய ஆறரைக்கு நான் பஸ்சுக்கு நிக்கிற இடத்தில வந்து நிக்கிறார், கையில ஒரு ரோஸ் பூ, கண் ரெண்டும் சிவந்து போய் இருக்கு. என்ன நடந்தது எண்டு கேட்டன், தலையை ஆட்டினார், பஸ் வந்திட்டுது. அதோட அந்தக் கதை முடிஞ்சுது அக்கா, இண்டை வரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல்லு கதைக்கேல்ல."

"இதுக்கு ரெண்டு நாளைக்கு முதல், பொசன் போயா அண்டு, நாங்க ரெண்டு பேரும் தன்சல் லைனில ஒரு மணித்தியாலம் நிண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டனாங்கள், அவ்வளவு சிரிப்பு. அதுக்கு முதல் நாளும் மூஞ்சை நீட்டிக்கொண்டு தான் இருந்தவர். அடுத்த நாள் காலமை திரும்ப அதே மூஞ்சை. ஒரு நாள் மட்டும் எப்பிடி ஒரு மனுசன் மாறுவார்?"

"ஃபோன் வந்தா எழும்பி வெளிய போறார். ஒருக்கா பின்னால போய்க் கேட்டன், நான் செய்தது பிழை தான், ஆனா கேட்டன். சிங்களத்தில மெல்லமா 'ஹரி மிஸ், ஹெட்ட தானவா, அனிவா' எண்டார். வந்து யார் எண்டு கேக்க 'ஒஃபிசில' எண்டார். அவரின்ர ஒஃபிசில ரெண்டு சிங்களப் பிள்ளைகள் இருக்கினம், ஒராள் வடிவான பிள்ளை. நாளைக்கு கோல் போடுறன் எண்டு எவளுக்கு அக்கா சொல்லுறார்?"

"பைக்கை வித்திட்டார். சர்வீசுக்கு காசு கூடப் போகுதாம், இப்ப 100 பஸ்ஸில தான் வாறார். என்னை ஏத்திக்கொண்டு திரிய விருப்பமில்ல போல. போன கிழமை, கலியாணத்தை தையில வைக்காம ஒரு ஆறு மாசம் தள்ளினா என்ன எண்டு கேட்டார். பிறகு 'உனக்கு என்னை விட நல்ல ஆள் கிடைக்கும்' எண்டார். நான் ஏன் எண்டு எத்தினை தரம் கேட்டிட்டன், கேக்க கேக்க இன்னும் மூடுறார். அக்கா, எனக்கு ஆறுதல் சொல்லாதேங்கோ. அம்மா மாதிரி 'ஆம்பிளையள் அப்பிடித் தான்' எண்டும் சொல்லாதேங்கோ. இந்த மனுசனை நீங்க எப்பிடிப் பாக்கிறீங்க எண்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ."

முதல் தரம் வாசிச்சிட்டு நான் நினைச்சதும் அவள் நினைச்சது தான், வேற ஒருத்தி. சிங்களத்தில மெல்லமா கதை, மிஸ், பேர்த்டேக்கு வராதது, நல்ல ஆள் கிடைக்கும் எண்ட அந்தக் கதை, எல்லாம் அந்தப் பக்கம் தான் இழுக்குது. இரவு பதினொரு மணிக்கு அவருக்கு ஃபோன் அடிச்சு நாலு கேள்வி கேக்கோணும் போல இருந்தது. கேட்டிருந்தா எல்லாம் கெட்டுப் போயிருக்கும். அந்தப் பிழைக்கு காரணம், நான் வாசிச்சது நடந்ததை இல்ல, தங்கச்சியின்ர பயத்தை. "என்னை ஏத்திக்கொண்டு திரிய விருப்பமில்ல" எண்டது அவளின்ர யோசனை, நடந்தது பைக் வித்தது மட்டும் தான்.

அடுத்த நாள் சனி. பிள்ளைகளை டியூசனுக்கு விட்டிட்டு கடிதத்தை திரும்ப எடுத்து, அவள் கண்ணால பாத்தது காதால கேட்டது எல்லாத்துக்கும் கீழ பேனையால கோடு போட்டன், அவள் நினைச்சதுகளை அப்பிடியே விட்டன். நாலு தாளில கோடு விழுந்தது ஒரு தாளுக்கும் குறைவு.

ஆனா அதைப் பிரிச்சுப் பாக்க முதல் அவளை வெளிய கூப்பிட்டு நாலு விசயம் கேட்டனான். அவர் உனக்கு கை நீட்டினவரா, பயப்பிட வைக்கிறாரா? உன்ர ஃபோனை, சம்பளத்தை, நீ ஆரோட கதைக்கிறது எண்டதை கட்டுப்படுத்துறாரா? காசோ நகையோ கேட்டவரா? உன்ர பேரில எங்கயாவது கையெழுத்துக் கேட்டவரா? இதில ஒண்டுக்கு ஓம் எண்டிருந்தா நான் அதோட நிப்பாட்டி அவளை வீட்ட கூட்டிக்கொண்டு வந்திருப்பன், 1938 எண்ட பெண்களுக்கான உதவி நம்பரையும் குடுத்திருப்பன். பயம் இருக்கிற இடத்தில அவன் ஏன் இப்பிடி எண்டு ஆராயிறது தங்கச்சிக்கு உதவாது, அவளை அங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்க வைக்கத் தான் உதவும். நாலுக்கும் இல்லை எண்டாள். மூண்டாவதுக்கு மட்டும் யோசிச்சு, "நான் தான் ஒருக்கா கையில காசில்லையோ எண்டு கேட்டு ரெண்டாயிரம் நீட்டினன், கோவம் வந்திட்டுது அவருக்கு, வாங்கேல்ல" எண்டாள். அந்த ரெண்டாயிரத்தை நான் மனசில வச்சுக்கொண்டன்.

பிறகு கலண்டர். சமையலறையில தொங்குற நாள்காட்டியை கழட்டி வச்சு, வட்ஸ்அப்பில இருக்கிற மெசேஜுகளைப் பாத்து ஒவ்வொரு மோசமான நாளையும் சொல்லச் சொன்னன். அவளுக்கு எல்லாம் "இடைக்கிட" எண்டு தான் ஞாபகம், ஆனா மெசேஜில திகதி இருக்கு. மே, ஜூன், யூலை மூண்டு மாசத்துக்கும் சிவப்புப் பேனையால வட்டம் போட்டுக்கொண்டு போக எனக்கு கை குளிர்ந்து போச்சு. சிவப்பு முழுக்க 8இல இருந்து 15க்குள்ள. 16க்குப் பிறகு ஆள் அமைதி, கதைப்பார், ஆனா வெளிய போக மாட்டார், எங்க கூப்பிட்டாலும் ஒரு சாட்டு. 25 வந்தா பழைய மனுசன், கொத்து, சாறி, சிரிப்பு, அது அடுத்த மாசம் 5, 6 மட்டும் போகும்.

இது ஒரு மனசு மாறுற விதம் இல்ல. மனசு திகதி பாக்காது. 25 எண்டது எங்கட ஊரில கனபேருக்கு சம்பள நாள், அவருக்கும் அது தான். மாசம் 5ஆம் திகதி ஒரு கட்டுக்காசு டியூ எண்டு வச்சா, நான் வேலை செய்த இடத்தில முதல் ரெண்டு மூண்டு நாள் எஸ்எம்எஸ் மட்டும் போகும், பிறகு தான் மனுசர் கோல் எடுப்பினம். கடன் எடுத்த ஆள் ஃபோனைத் தூக்காட்டி அடுத்தது பிணை வச்ச ஆள். 8ஆம் திகதி அளவில தொடங்கும், காசு விழும் வரைக்கும் நிக்காது. 15 எண்டது கன ஒஃபிசுகளில சம்பள அட்வான்ஸ் குடுக்கிற நாள். அட்வான்ஸை எடுத்துக் கட்டினா கோல் நிக்கும், ஆனா கையில ஒண்டும் இராது, அது தான் அந்த அமைதியான பத்து நாள்.

அப்ப தான் அந்தச் சிங்கள வசனம் எனக்கு வேற மாதிரிக் கேட்டுது. "ஹெட்ட தானவா" எண்டதை தங்கச்சி நாளைக்கு கோல் போடுறன் எண்டு விளங்கினாள், அப்பிடியும் சொல்லுறது தான், பிழையில்ல. ஆனா ரிக்கவரி மேசையில இருந்த நாலு வருசமும் நான் ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்ட வசனம் அது. நாளைக்கு போடுறன், எக்கவுண்டுக்கு. "மிஸ்" எண்டு கூப்பிட்டதும் எங்களைத் தான், கோல் எடுக்கிற பொம்பிளைப் பிள்ளைகளை எல்லாரும் மிஸ் எண்டு தான் சொல்லுவினம். விரும்பின பிள்ளையை ஆரும் மிஸ் எண்டு கூப்பிட்டு நாளைக்கு கட்டாயம் எண்டு கெஞ்ச மாட்டினம். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில நான் இருந்திருக்கிறன்.

போயாவும் அங்க தான் பொருந்திச்சு. தங்கச்சிக்கு விளங்காத அந்த ஒரு நாள், ஜூன் 10 பொசன், கொம்பனி எல்லாம் பூட்டு, கோல் வராது. யூலையிலயும் 8, 9 சிவப்பு, 10 எசல போயா வெள்ளை, 11 திரும்ப சிவப்பு. 13 ஞாயிறு, அண்டைக்கும் ஓரளவு நல்லா இருந்திருக்கிறார். வேற ஒரு பொம்பிளை எண்டா லீவு நாளிலயும் ஞாயிறிலயும் இரவிலயும் தான் ஃபோன் கூட வரும். இவருக்கு வந்த கோல் எல்லாம் வேலை நாளில, பகலில, சனிக்கிழமை எண்டா காலமையில. தங்கச்சிட்ட நான் திரும்பத் திரும்ப கேட்டது இது ஒண்டைத் தான், இரவு எட்டு மணிக்குப் பிறகு எப்பவாவது எழும்பி வெளிய போனவரா? ஒருக்காவும் இல்ல.

சூதாட்டமா இருக்குமோ எண்டும் யோசிச்சன், ஏனெண்டா சம்பளத்தோட ஏறி இறங்குறது அதுக்கும் பொருந்தும், ஃபோனிலயே பெட் பிடிக்கிற காலம். ஆனா அந்த வியாதியில இருக்கிற ஆள் பொதுவா சம்பளம் வந்த கையோட தான் காணாமப் போவார், அடுத்தவரிட்ட கடன் கேப்பார், ஒரு நாள் திடீரெண்டு நிறையச் செலவழிப்பார். இவர் சம்பளத்தோட தான் திரும்பி வாறார், நீட்டின ரெண்டாயிரத்தையும் வாங்கேல்ல. அதுக்காக முழுசா இல்லை எண்டு நான் அடிச்சுச் சொல்லேல்ல. தங்கச்சிக்கு சொன்னது, "இது கடன், அதுவும் மாசாமாசம் கட்டுற கடன், அனேகமா அவர் எடுத்தது இல்ல, ஏனெண்டா தான் எடுத்த கடனுக்கு ஆக்கள் முதலே காசு ஒதுக்கி வைப்பினம், இவர் ஒவ்வொரு மாசமும் 8ஆம் திகதி புதுசா அதிர்ந்து போறார், ஆரோ கட்டுவான் எண்டு நம்பி அவன் கட்டாத மாதிரி."

அவள் நம்பேல்ல. அழுதாள், பிறகு கோவப்பட்டாள், "நீங்க உங்கட வேலையை எல்லா இடமும் பாக்கிறீங்க" எண்டாள். நியாயமான கதை தான். அதால ஒரு சோதனை வச்சம். அது முடியும் வரைக்கும் அவரிட்ட ஒண்டும் கேக்காத, ஓகஸ்டுக்கு நான் இப்பவே எழுதித் தாறன், வியாழன் 7 அல்லது அதுக்கு முதல் நாள் முகம் மாறும், வெள்ளி 8 நிக்கினி போயா, அண்டைக்கு நல்லா இருப்பார், சனி 9 காலமை திரும்ப கோல் வரும், ஞாயிறு வராது. பிழைச்சா நான் சொன்னதைக் கிழிச்சுப் போடு, ஒஃபிசுப் பிள்ளையைப் பற்றி யோசிப்பம். 9ஆம் திகதி பத்தே முக்காலுக்கு அவளின்ர மெசேஜ் வந்தது. "வெளிய போயிட்டார் அக்கா."

ஏன் கேக்காத எண்டு சொன்னன் எண்டா, அவள் கேக்க கேக்க அவர் மூடினது அவரின்ர குணம் மட்டும் இல்ல. சோடியளுக்குள்ள ஒராள் துரத்திக் கேக்க மற்ற ஆள் ஒதுங்கிப் போறதைப் பற்றி கிறிஸ்டென்சன், ஹீவி எண்ட ரெண்டு பேர் 1990இல செய்த ஆய்வு ஒண்டு இருக்கு. ஒராள் மாற்றம் வேணும் எண்டு கேட்டுக்கொண்டே இருப்பார், மற்றவர் பின்வாங்குவார், பின்வாங்கினதைப் பாத்து முதல் ஆள் இன்னும் கேப்பார், ரெண்டும் ஒண்டை ஒண்டு வளக்கும். தங்கச்சி கேட்டதெல்லாம் "ஏன் இப்பிடி இருக்கிறீங்க", "என்னைப் பிடிக்கேல்லையா". அதுக்குப் பதில் சொல்லோணும் எண்டா அந்த மனுசன் தன்ர வெக்கம் முழுக்க ஒரே வாயில கொட்டோணும். அதுவும் அவள் கேட்டது முழுக்க சிவப்பு நாளில, அவர் ஆரோ ஒரு மிஸ்ஸுக்கு பொய் சொல்லிட்டு வந்து நிக்கிற நேரத்தில.

அதால நாள் பாத்தம், சம்பளத்துக்குப் பிறகு வாற ஞாயிறு, ஓகஸ்ட் 31. கேள்வி ஒண்டு தான், அதுவும் ஒரு நம்பர் மட்டும் பதிலா வாற கேள்வி. ஏன் எண்டு கேக்காத, ஆர் எண்டு கேக்காத, எவ்வளவு எண்டு கேள்.

வெள்ளவத்தை கடற்கரையில றெயில் பாதைக்கு அங்கால கல்லில இருந்திருக்கினம். இவள் கச்சான் சுருளைக் கையில வச்சுக்கொண்டு கடலைப் பாத்தபடியே கேட்டிருக்கிறாள், "மாசம் எவ்வளவு கட்டுறீங்க?" அவர் ஒண்டும் சொல்லேல்லையாம். பாணந்துறைப் பக்கம் போற றெயில் ஒண்டு வந்து, அந்தச் சத்தம் முழுக்க போய், தண்டவாளம் அதிர்றதும் நிண்ட பிறகு "முப்பத்தெட்டு" எண்டாராம். பிறகு அரை மணித்தியாலம் அழுதிருக்கிறார். தங்கச்சி எனக்கு இதைச் சொல்லேக்க "நான் சுருளைப் பிரிக்கவே இல்ல அக்கா, வீட்ட வந்து பாத்தா கச்சான் அப்பிடியே இருக்கு" எண்டாள்.

விசயம் இது தான். அவரின்ர தம்பி 2023இல ஒரு பழைய வான் லீசிங்கில எடுத்தவர், ஹயருக்கு விட, மாசம் 38,000. அண்ணன் பிணை. கொஞ்ச நாள் ஓடிச்சு, பிறகு ஹயர் குறைஞ்சு போய், போன பங்குனியில தம்பி கட்டாருக்குப் போயிட்டார், வானை ஒரு சினேகிதனிட்ட குடுத்து நீ ஓடிக் கட்டு எண்டு. சினேகிதன் ஓடினான், கட்டேல்ல. தம்பிக்கு ஏஜென்சிக் கடனே முடியேல்ல. இவருக்குச் சம்பளம் 95,000, போர்டிங் 18,000, ஊருக்கு அம்மாவுக்கும் அனுப்போணும். பைக் போனது முதல் ரெண்டு கட்டுக்கு. பேர்த்டே அண்டு இரவு சினேகிதனைத் தேடி நீர்கொழும்பு மட்டும் போய் அவனைக் காணாம திரும்பி வந்திருக்கிறார். தங்கச்சிக்கு ஏன் சொல்லேல்ல எண்டா, சொன்னா எங்கட அப்பா கலியாணத்தை நிப்பாட்டிப் போடுவார் எண்ட பயம், அதோட அவரின்ர அம்மா தம்பியின்ர மானம் போயிடும் எண்டு சத்தியம் வாங்கி வச்சவ.

"தம்பியின்ர கடன் தானே, அவனைப் பிடிக்கட்டும்" எண்டு எங்கட அப்பா பிறகு சொன்னவர், கனபேர் அப்பிடித் தான் நினைக்கினம். பிணை வைக்கிற ஆளுக்கு, முதல்ல கடன்காரனைப் பிடியுங்கோ பிறகு என்னட்ட வாங்கோ எண்டு சொல்லுற உரிமை எங்கட நாட்டில இருக்கிற றோமன் டச்சுச் சட்டத்தில இருக்கு தான். ஆனா கொம்பனி கையெழுத்து வாங்குற பத்திரத்தில அந்த உரிமையை விட்டுக் குடுக்கிறன் எண்டு ஒரு பந்தி பொதுவா இருக்கும், ஆரும் வாசிக்கிறேல்ல. இவரின்ர பத்திரத்திலயும் இருந்தது, நானே பாத்தன்.

இப்ப அவள் கேட்டது, உள்ளதை உள்ளபடி. வெள்ளவத்தையில என்ர வீட்டு மேசையில இருந்து, அவர் இல்லாத நேரத்தில சொன்னன். அவர் உன்னை விட்டிட்டுப் போக நினைக்கேல்ல. நல்ல ஆள் கிடைக்கும் எண்டது உன்னைத் துரத்த இல்ல, தன்னைப் பற்றி அந்த நேரம் அவர் நினைச்சதைத் தான் சொன்னவர். ஆனா அவர் பொய் சொன்னவர். பைக்குக்கு சர்வீஸ் செலவு எண்டது பொய், ஒஃபிஸ் கோல் எண்டது பொய், அஞ்சு மாசம் உன்னை உன்ர முகத்தைக் கண்ணாடியில பாத்து என்ன குறை எண்டு யோசிக்க விட்டவர். கஷ்டத்தில இருந்தது அதுக்குக் காரணம், அதால அந்தப் பொய் இல்லாமப் போகாது. எனக்கு அவரில இரக்கம் வந்தது, நல்லாவே வந்தது, எண்டாலும் அந்த இரக்கத்தை வச்சு உனக்கு புத்தி சொல்ல நான் தயாரில்ல. இனிப் பாக்க வேண்டியது, ஒருக்கா வாய் திறந்த மனுசன் முழுசாத் திறக்கிறாரா எண்டது தான்.

அதுக்கு கடதாசி தான் வழி. கிரிப் எண்டு நாங்க சொல்லுற கொடுகடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்தது, வங்கி, லீசிங் எல்லா இடத்திலயும் ஒராளுக்கு இருக்கிற கடன், கார்ட், அதோட அவர் பிணை நிக்கிற கடன், எல்லாம் அங்க இருக்கும். ஆனா ஒராளின்ர ரிப்போர்ட்டை அவர் தான் எடுக்கலாம், தங்கச்சி போய்க் கேக்கேலாது, நானும் வேலை செய்யிற இடத்தில இருந்து களவாப் பாக்கேலாது, பாத்தா என்ர வேலை போறது ஒரு பக்கம், அது செய்யக்கூடாத வேலை. அவரே எடுத்துக் கொண்டு வரோணும். இதில தெரியாததும் இருக்கு, கைமாத்து, வட்டிக்காரரிட்ட வாங்கினது, சீட்டுக் காசு ஒண்டும் அதில வராது. அதை வாயால தான் கேக்கோணும்.

தங்கச்சி கேட்டாள். சரி எண்டவர், பிறகு ஒம்பது நாள் இழுத்தார். அந்த ஒம்பது நாளும் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கொண்டு தான் இருந்தது. கொண்டு வந்த கடதாசியில வான் இருந்தது, அவர் சொன்ன தொகையே தான். அதோட ஒரு கிரெடிட் கார்ட், 1,40,000க்கு மேல நிலுவை. அதைப் பற்றி கடற்கரையில அவர் ஒண்டும் சொல்லேல்ல. நானும் கலண்டரில அதைக் காணேல்ல, என்ர வாசிப்பில அது விட்டுப் போச்சு. நான் வான் ஒண்டைக் கண்டுபிடிச்ச சந்தோசத்தில, மாசக் கடைசியில அவர் சிரிச்சுச் சிரிச்சு வாங்கின கொத்தும் பூவும் எந்தக் காசில எண்டு கேக்க மறந்து போனன். அது தான் அந்தக் கார்ட்.

தங்கச்சிக்கு வானை விட இது தான் நொந்தது. ரெண்டு கிழமை அவரோட கதைக்கேல்ல. நான் சமாதானம் பேசப் போகேல்ல. ஒண்டு மட்டும் சொன்னன், ரிப்போர்ட்டில கார்ட் இருக்கும் எண்டு அவருக்குத் தெரியும், தெரிஞ்சும் கொண்டு வந்து உன்ர கையில தந்திருக்கிறார், இழுத்த ஒம்பது நாளையும் கணக்கில எடு, தந்ததையும் கணக்கில எடு.

வானுக்கு வழி இருந்தது, அதை நான் அவரோடயே இருந்து கதைச்சன். "அக்கா, பேசாம கொம்பனியே வந்து சீஸ் பண்ணட்டும், தலைவலி முடியும்" எண்டார். முடியாது தம்பி எண்டன். அவை பிடிச்சா கூறு விலையில போகும், கடனுக்கு அது காணாட்டி மிச்சத்துக்கு திரும்ப உங்களைத் தான் பிடிப்பினம். கொம்பனியிட்ட செட்டில்மென்ட் தொகை எவ்வளவு எண்டு கடிதம் எடுங்கோ, வானை நாங்களே வெளிய நல்ல விலைக்குக் கேப்பம், வாங்கிற ஆள் காசை நேர கொம்பனிக்குக் கட்டட்டும். 36 கட்டு மிச்சம் இருந்தது, அப்பிடியே போட்டாலே 13,68,000, முன்னுக்கே செட்டில் பண்ணினா வாற கால வட்டியில ஒரு பகுதி குறையும். சினேகிதனிட்ட இருந்து வானை எடுக்கிறது தான் பெரிய பாடாப் போச்சு, அதுக்கு தம்பி கட்டாரில இருந்து எழுத்தில அனுமதி தர வேண்டி வந்தது. அதோட அவரின்ர அம்மாவுக்கும் எல்லாம் தெரிய வந்தது. அவ தங்கச்சியைத் தான் குறை சொன்னவ, குடும்பக் கதையை வெளிய எடுத்தவள் எண்டு. அண்டைக்கு அவர் தன்ர அம்மாட்ட "இவ வெளி ஆள் இல்ல" எண்டு சொன்னதை தங்கச்சி ரெண்டு தரம் எனக்குச் சொன்னாள்.

தையில இருந்த கலியாணத்தைத் தள்ளி வச்சாச்சு. ஆவணியில வைக்கிறதா இல்லையா எண்டது கார்ட் நிலுவை என்னண்டு போகுது எண்டதைப் பாத்து தான் எண்டு தங்கச்சியே அவரிட்ட சொன்னவள், நான் சொல்லிக் குடுக்கேல்ல. வான் போனாலும் விலை கொஞ்சம் குறையும் போல இருக்கு, அந்த மிச்சத்தை அண்ணனும் தம்பியும் எப்பிடிப் பிரிக்கிறது எண்டு இன்னும் முடியேல்ல.

ஒக்டோபர் 9, வியாழன், மத்தியானம் நான் ஒஃபிசில சாப்பிட இருக்கேக்க தங்கச்சியின்ர மெசேஜ் வந்தது. "அக்கா, இண்டைக்கு கோல் வந்ததாம். இப்ப தான் எடுத்துச் சொன்னார். நான் கேக்கேல்ல."